உயில் இல்லாமல் இறந்தால் சொத்து அரசுக்கா? (கும்பகோணம் வீடு, திருமணமாகாத பெரியப்பா)

குடமுருட்டி
எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா சமீபத்தில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை, உயிலும் எழுதவில்லை. கும்பகோணத்தில் ஒரு வீடு இருக்கிறது, இன்றைய மதிப்பு சுமார் 60 லட்சம். வங்கியில் 12 லட்சம் வைப்பு. கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர்: என் அப்பா (2010-இல் இறந்துவிட்டார்), ஒரு சித்தப்பா, ஒரு அத்தை. தாத்தா, பாட்டி இருவரும் இல்லை. எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை.

"பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் சொத்து கவர்மெண்டுக்குத்தான்" என்று தெருவில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? இல்லையென்றால் யாருக்கு எவ்வளவு? நாங்கள் இந்துக்கள்.

நெல்லைச்சீமை
அரசு எடுக்காது தம்பி, பயப்படாதீங்க. கூடப் பிறந்தவர்கள் இருக்கும்போது சொத்து அவர்களுக்குத்தான். மூன்று பங்கு போடுவார்கள். சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, உங்கள் அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும். அதாவது உங்கள் வீட்டுக்கு 24 லட்சம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கினால் வேலை முடிந்தது.

சிவில்பக்கம்
நெல்லைச்சீமை சார் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பி குடமுருட்டி எங்கும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ஓர் ஆண் உயில் இல்லாமல் இறந்தால் சொத்து எந்த வரிசையில் போகும் என்று சொல்கிறது. முதல் வகுப்பில் மனைவி, மகன், மகள், தாய், முன்பே இறந்த பிள்ளைகளின் குடும்பம். இவர்களில் ஒருவர் இருந்தாலும் அடுத்த வகுப்புகளில் யாருக்கும் எதுவும் கிடையாது. உங்கள் பெரியப்பாவுக்கு இந்த வகுப்பில் யாரும் இல்லை. ஆகவே இரண்டாம் வகுப்பு.

இரண்டாம் வகுப்பில் ஒன்பது படிகள். முதல் படியில் தகப்பனார் மட்டும். அவர் இல்லை. இரண்டாம் படியில் சகோதரனும் சகோதரியும். நான்காம் படியில்தான் சகோதரன் பிள்ளைகளும் சகோதரி பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரு படியில் உயிரோடு ஒருவர் இருந்தால் அதற்குக் கீழே இருக்கும் படிகளுக்குச் சொத்து இறங்கவே இறங்காது. இறந்த சகோதரனுக்காக அவன் பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி நிற்கும் வழி இங்கே இல்லை. முன்பே இறந்த பிள்ளையின் குடும்பம் அந்தப் பிள்ளையின் பங்கை எடுப்பது முதல் வகுப்பில் மட்டும்தான்.

எனவே இன்றைய கணக்கு: சித்தப்பாவுக்கு 36 லட்சம், அத்தைக்கு 36 லட்சம். உங்கள் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் ஒன்றுமில்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சட்டம் இதுதான்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்பா இறந்தது பெரியப்பாவுக்கு முன்னால்தானே? வாரிசுரிமை இறந்த நொடியிலேயே திறந்துவிடும். பெரியப்பா இறந்த மறுநாள் அப்பா இறந்திருந்தால்கூட அந்தப் பங்கு அவருக்கு வந்து சேர்ந்திருக்கும், அவர் வழியாக உங்களுக்கும் வந்திருக்கும்.

குடமுருட்டி
அப்பா 2010, பெரியப்பா இந்த வருடம். அதில் சந்தேகமில்லை. ஆனால் சார், கடைசி ஏழெட்டு வருடம் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டது முழுக்க என் அம்மா. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லையா?

சிவில்பக்கம்
உயில் இல்லாதபோது இல்லை. உயில் இல்லாமல் இறந்தால் சட்டம் உறவின் வரிசையை மட்டும் பார்க்கும். யார் சோறு போட்டது, யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது என்ற கேள்வி எழுவதே இல்லை. சட்டப்படி தத்தெடுக்காத வளர்ப்பு மகளுக்கும் இதே நிலைமை. உயில் எதற்கு என்றால் இதற்குத்தான். அவர் ஒரு பக்கத்தில் "என் வீடு என் தம்பி மனைவிக்கு" என்று எழுதி இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டிருந்தால் இந்த ஒன்பது படிகளும் அந்த வீட்டுக்குப் பொருந்தியிருக்காது.

இன்னொன்று. இதே குடும்பம், இதே சொத்து, ஆனால் இறந்தவர் திருமணமாகாத பெரியத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை தலைகீழாகும். பெண்ணுக்கு 15-ஆம் பிரிவு. கணவன் பிள்ளைகள் இல்லை, கணவன் வீட்டு வாரிசு இல்லை, தாய் தந்தை இல்லை என்றால் "தகப்பனின் வாரிசுகள்" என்ற படிக்கு வரும். அங்கே சட்டம் ஒரு கற்பனை செய்கிறது: சொத்து தகப்பனுடையது, அவர் இந்தப் பெண் இறந்த உடனே இறந்தார் என்று எண்ணிக்கொண்டு பிரி என்கிறது. தகப்பன் இறந்ததாக வைத்தால் முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்புக்குள் வந்துவிடுவார்கள். 72 லட்சம் மூன்றாகும்: சித்தப்பா 24, அத்தை 24, உங்கள் அம்மா, நீங்கள், தங்கை ஆளுக்கு 8. நெல்லைச்சீமை சார் சொன்னது இந்தக் கணக்கு. இறந்தவர் ஆண் என்பதால் அது பொருந்தவில்லை.

நெல்லைச்சீமை
ஒப்புக்கொள்கிறேன். ஊரில் பல குடும்பங்களில் இறந்த தம்பி குடும்பத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துத்தான் பாகப்பிரிவினை எழுதிப் பார்த்திருக்கிறேன். அது சட்டம் கட்டாயப்படுத்தியது அல்ல, அவர்களாக மனம் ஒப்பிக் கொடுத்தது என்று இப்போதுதான் புரிகிறது.

மரியா_முத்துநகர்
கிறிஸ்தவர்களுக்கும் இப்படித்தானா? எங்கள் பக்கமும் திருமணமாகாத மாமா ஒருவர் இருக்கிறார்.

சிவில்பக்கம்
வேறு மேடம். உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள், மனைவி, தாய், தந்தை யாரும் இல்லாதவர் இறந்தால் சகோதர சகோதரிகளுக்குச் சமமாகப் பிரியும். அவருக்கு முன்னால் இறந்த சகோதரனின் பிள்ளைகள் தங்கள் தகப்பன் பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சகோதரனின் மனைவிக்குப் பங்கில்லை. குடமுருட்டி வீட்டுக் கணக்கில் வைத்தால் அவருக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 12 லட்சம், அம்மாவுக்கு இல்லை. ஒரே குடும்ப மரத்துக்கு மூன்று விதமான விடை. இஸ்லாமியர்களுக்கு முற்றிலும் வேறு கணக்கு, அதைத் தனி இழையில் பேசலாம்.

பழைய ஏடு
தெருவில் பெரியவர்கள் சொல்வது வெறும் வதந்தி இல்லை. "உறுபொருளும் உல்கு பொருளும்" என்ற குறளில் வேந்தன் பொருள் என்று வரும் உறுபொருளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், புதையலோடு தாயத்தார் பெறாத பொருளையும் சேர்க்கிறார். அதாவது உரிமைப்பட்ட உறவு எவரும் இல்லாதபோது மட்டும் மன்னனுக்கு. தாயாதி ஒருவர் இருந்தாலும் மன்னன் கை வைக்க முடியாது என்பதுதான் அதன் மறுபக்கம். "எவரும் இல்லாதபோது" என்பது காலப்போக்கில் "மனைவி மக்கள் இல்லாதபோது" என்று மக்கள் வாயில் சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தோடு சேர்த்து அவருடைய தனிச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. கம்பெனி வாரிசாக எடுக்கவில்லை, அரசதிகாரத்தால் எடுத்தது, அதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. ஆகவே அந்தப் பறிமுதலை வாரிசுச் சட்டத்துக்கு உதாரணமாகக் காட்டக் கூடாது.

ஆவணக்காப்பு
மூன்றாவது காரணமும் உண்டு. 1953 முதல் 1985 வரை இறந்தவர் சொத்தின் மீது எஸ்டேட் டியூட்டி என்ற வரி இருந்தது. பெரிய சொத்துகளின் மேல்தட்டுப் பகுதிக்கு ஒரு காலத்தில் 85 சதவீதம் வரை போனது. "செத்தால் அரசாங்கம் பாதியைப் பிடுங்கும்" என்ற பேச்சு அங்கிருந்தும் வந்திருக்கலாம். 1985 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. இன்று வாரிசாகச் சொத்து பெறுவதற்கே என்று தனி வரி இந்தியாவில் கிடையாது.

குடமுருட்டி
அப்படியென்றால் அரசு எப்போதுதான் எடுக்கும்?

சிவில்பக்கம்
இரண்டாம் வகுப்பின் ஒன்பது படிகளும் காலியானால் தந்தைவழி ஆண் கிளை உறவுகள் வருவார்கள். அவர்களும் இல்லையென்றால் மற்ற ரத்த உறவுகள், அதாவது இடையில் ஒரு பெண் வழியாகத் தொடர்புள்ளவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் தலைமுறை எல்லை எதையும் சட்டம் வைக்கவில்லை. கொள்ளுத் தாத்தாவின் தம்பியின் பேரன் என்று நிரூபித்தாலும் அவர் வாரிசுதான். இங்கிலாந்தில் அப்படி இல்லை, அங்கே பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, அவர்கள் சந்ததி என்பதோடு நின்றுவிடும். எல்லையே இல்லாத இடத்தில் அரசின் முறை எவ்வளவு அரிதாக வரும் என்று பாருங்கள்.

எல்லோரும் இல்லாமல் போனால்தான் 29-ஆம் பிரிவு. அப்போதும் "அரசைச் சென்றடையும்" என்றுதான் சொல்கிறது, ஒரு வாரிசு சுமக்க வேண்டிய கடன்களையும் பொறுப்புகளையும் சேர்த்து. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அந்தக் கடன் அழிந்துவிடாது. அரசு இங்கே வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு வாரிசு, அவ்வளவுதான்.

அரசு "வாரிசு இல்லை" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டி எடுத்துவிடவும் முடியாது. ஹரித்துவாரில் ஒரு அறக்கட்டளைச் சொத்து விவகாரத்தில் 2017-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வாரிசு இல்லை என்பதை நிரூபிக்கும் பாரம் அரசுடையது. வேறொருவர் உரிமை கோரும்போது அதைக் கலெக்டரே விசாரித்து முடிவு கட்ட முடியாது, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆவணக்காப்பு
உயில் இருந்தும் அரசு இறங்கிய வழக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ராஜஸ்தான் கேத்ரி ராஜா சர்தார் சிங் 1985-இல் உயில் எழுதி ஓர் அறக்கட்டளைக்குச் சொத்தை விட்டார். பிள்ளைகள் இல்லை. 1987-இல் இறந்தார். மாநில அரசு வாரிசில்லாச் சொத்து என்று கையில் எடுத்துக்கொண்டது. உயிலை மெய்ப்பிக்கும் மனுவை டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2012-இல் தள்ளினார், அமர்வு 2023-இல் ஏற்றது, 2025-இல் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. உயில் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு அரசு அந்த விவகாரத்தில் அந்நியர் என்பதுதான் சாரம். ஆனால் இடையில் 38 வருடம் போய்விட்டது. உயில் மட்டும் போதாது, அது கேள்வி கேட்க இடமில்லாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மீனா_77
நான் கேட்பது கொஞ்சம் வேறு. வங்கி வைப்புக்கு நான் நாமினி என்றால் பணம் எனக்குத்தானே? உயிலும் வேண்டாம், வாரிசும் வேண்டாம் அல்லவா?

பதிவறை
இல்லைங்க மேடம். நாமினி என்றால் வங்கி யார் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கான பெயர். வாங்கியவர் அதை வாரிசுகளுக்காக வைத்திருப்பவர். காப்பீட்டு வழக்கு ஒன்றில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, கம்பெனிப் பங்குகளுக்கும் அதுவே என்று 2023-இல் சொன்னது. குடமுருட்டியின் அத்தை நாமினியாக இருந்தால் 12 லட்சமும் அவர் கணக்குக்கு வரும், ஆனால் அதில் 6 லட்சம் சித்தப்பாவுடையது. நாமினி இருந்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும் என்ற பலன் உண்டு, அதற்காக நாமினி போடத்தான் வேண்டும். அது உயிலின் வேலையைச் செய்யாது.

நெல்லைச்சீமை
பத்து வருடம் யாரும் கேட்காவிட்டால் வங்கிப் பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விடுகிறதே, அது அரசு எடுப்பது இல்லையா?

பதிவறை
போவது உண்மை. பத்து வருடம் இயக்கமோ உரிமை கோரலோ இல்லாத வைப்பு, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். ஆனால் உரிமை போய்விடாது. வாரிசு பிறகு வந்து கேட்டாலும் அதே வங்கி கொடுத்துவிட்டு அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். எந்த வங்கியில் என்று தெரியாவிட்டால் udgam.rbi.org.in தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கம்பெனிப் பங்குகள் ஏழு வருடத்தில் வேறொரு நிதிக்குப் போகும், அதையும் மீட்கலாம், காகித வேலை கூடுதல். இதெல்லாம் பாதுகாப்புக்கு மாற்றி வைப்பது.

மீனா_77
நன்றி சார். அப்படியானால் உயில்தான் எழுத வேண்டும். அதற்கு ஸ்டாம்பு பேப்பர் எவ்வளவுக்கு வாங்க வேண்டும்? பதிவு செய்யாவிட்டால் செல்லாது என்கிறார்களே?

பதிவறை
ஸ்டாம்பு பேப்பர் தேவையில்லை. வெள்ளைத் தாள் போதும், கையால் எழுதினாலும் சரி. பதிவும் கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். தொலைந்தால் நகல் கிடைக்கும், இந்தத் தேதியில் இவர் நேரில் வந்து கையெழுத்திட்டார் என்பதற்கு அலுவலகப் பதிவேடு இருக்கும். உள்ளடக்கம் யாருக்கும் தெரியக் கூடாது என்றால் உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி இருக்கிறது.

உயில் விழுவது பெரும்பாலும் சாட்சியில். இரண்டு பேராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துத்தான்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண்முன்னே தாங்கள் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. நடப்பது என்னவென்றால், உயிலை வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கடைத்தெருவில் நண்பரிடம் "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். பத்து வருடம் கழித்துக் கூண்டில் ஏறிய அந்த நண்பர் "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை" என்பார். அவ்வளவுதான், உயில் போய்விடும். பதிவு செய்த உயிலுக்கும் இதே கதிதான். நீதிமன்றத்தில் குறைந்தது ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும் என்பதால் எழுதுபவரைவிட வயதில் சிறியவர்களைப் போடுங்கள்.

நெல்லைச்சீமை
சொத்து பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயிலே செல்லாது, அதையும் சொல்லுங்கள்.

சிவில்பக்கம்
கிறிஸ்தவர் எழுதிய உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ கொடுத்த பகுதி மட்டும் செல்லாது, உயில் நிற்கும். இந்துக்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள். நீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையாகப் பார்க்கும். பெறுபவரே ஆள் வைத்து எழுத வைத்தது, நடுங்கும் கையெழுத்து, ஒரு காரணமும் சொல்லாமல் மனைவியையோ மகளையோ முழுவதும் விலக்கியது, இவையும் அப்படித்தான். 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. ஆகவே ஒருவரை விலக்கினால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம். "வீடு தம்பி மகனுக்கு" என்று மட்டும் எழுதி வங்கிப் பணத்தை விட்டுவிட்டால் பணம் உயிலில்லாச் சொத்தாகி முன்பு சொன்ன படிகள் வழியே போகும். "இதில் சொல்லாத, இனி சேரும் மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். அடுத்தது, பெறுபவர் எழுதியவருக்கு முன்னால் இறந்துவிட்டால் பெரும்பாலும் அந்தக் கொடை வீழ்ந்துவிடும். எழுதியவரின் சொந்தப் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ எழுதி, அவருக்குச் சந்ததி இருந்தால் மட்டும் விலக்கு. தம்பி மகனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "அவர் இல்லாவிட்டால் இன்னாருக்கு" என்று மாற்றுப் பெயர் எழுதுங்கள்.

மரியா_முத்துநகர்
மனைவி பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இந்த அளவு சிக்கல் இருக்காது, இல்லையா? எல்லாம் மனைவிக்குத்தானே வரும்?

சிவில்பக்கம்
இந்து ஆண் என்றால் மனைவிக்கு ஒரு பங்குதான். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், தாய் இருந்தால் நால்வருக்கும் கால் பங்கு. தாயை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாய் பிறகு உயிலின்றி இறந்தால் அவருடைய கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். விதவை குடியிருக்கும் வீட்டில் மைத்துனருக்கும் நாத்தனாருக்கும் பங்கு வருவது இப்படித்தான். உங்கள் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு இல்லை.

திருமணமான, பிள்ளை இல்லாத இந்துப் பெண்களுக்குத்தான் உயில் மிக அவசரம். கணவரும் இல்லாதபோது அவர் சம்பாதித்த சொத்து, பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் கணவன் வீட்டு வாரிசுகளுக்குப் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு, அது தகப்பன் வாரிசுகளுக்குத் திரும்பும். 2009-இல் ஓம்பிரகாஷ் வழக்கில், கணவன் இறந்ததும் புகுந்த வீட்டார் துரத்திவிட்ட ஒரு பெண் பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலை பார்த்துச் சேர்த்த பணம் புகுந்த வீட்டாருக்கே போனது. அநீதி என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் மாறும் வரை ஒரு தாள் உயில்தான் தடுப்பு.

குடமுருட்டி
எல்லோருக்கும் நன்றி. இன்று வில்லங்கச் சான்றும் பழைய பத்திரமும் எடுத்துப் பார்த்தோம். வீட்டு மனை தாத்தா பெயரில் வாங்கியது. பட்டா, வீட்டு வரி பெரியப்பா பெயரில் இருக்கிறது. தாத்தா 1994-இல் இறந்தார், பாட்டி 2001-இல். இருவரும் உயில் எழுதவில்லை, பாகப்பிரிவினையும் இல்லை. அன்று இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் பெரியப்பா தன் ஓய்வூதியப் பணத்தில் மாடி வீடு கட்டினார். இது எதையாவது மாற்றுமா?

சிவில்பக்கம்
எல்லாவற்றையும் மாற்றும். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மனை தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது என்றே வைத்துக்கொள்கிறேன். 1994-இல் அவர் இறந்த நொடியில் பாட்டிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 2001-இல் பாட்டியின் ஐந்தில் ஒன்று நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்தது, ஆக ஆளுக்குக் கால் பங்கு. 2010-இல் உங்கள் அப்பா இறந்தபோது அவருடைய கால் பங்கு அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் வந்துவிட்டது. அது பெரியப்பாவின் சொத்தே இல்லை. இந்த வருடம் அவர் விட்டுப்போனது அவருடைய கால் பங்கு மட்டும்தான், அதுதான் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பாதிப் பாதி. மனையில் அவர்களுக்கு எட்டில் மூன்று வீதம், உங்கள் வீட்டுக்குக் கால் பங்கு. 60 லட்சத்தையும் ஒரே பொருளாகப் பார்த்தால் 22.5, 22.5, 15. வங்கிப் பணம் 12 லட்சத்தில் மாற்றமில்லை, அது அவர்கள் இருவருக்கே.

பட்டாவும் வரி ரசீதும் உரிமையைத் தந்துவிடாது. 1994-க்கும் இன்றைக்கும் இடையில் உங்கள் அப்பாவோ அத்தையோ விடுதலைப் பத்திரம் எதையாவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று வில்லங்கத்தில் வரி வரியாகப் பாருங்கள். எழுதியிருந்தால் கணக்கு மறுபடி மாறும்.

பதிவறை
வில்லங்கச் சான்றைக் கணினிக் காலத்துக்கு மட்டும் எடுக்காமல் 1994-க்கு முன்னாலிருந்து கையெழுத்துப் பதிவேட்டிலும் தேடச் சொல்லி எடுங்கள். வாரிசுச் சான்று தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று என நான்கு வேண்டும். பெரியப்பாவுக்கு நேரடி வாரிசு இல்லாததால் அந்த ஒன்றில்தான் இழுபறி வரும், நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லலாம். இதற்கிடையில் சித்தப்பாவும் அத்தையும் "பட்டா அண்ணன் பெயரில்தானே" என்று இருவராக விற்கவோ எழுதவோ போனால் நீங்கள் சார்பதிவாளருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து வைக்கலாம். பதிவை அது நிச்சயமாக நிறுத்தும் என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றத் தடையாணைதான் உறுதி.

ஆவணக்காப்பு
மாடி வீடு கட்டிய செலவு? சித்தப்பா தரப்பு "மனை பொது, கட்டடம் அண்ணனுடையது, ஆகவே கட்டடத்தின் மதிப்பு முழுவதும் எங்களுக்கு" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. அப்படிச் சொன்னால் உங்கள் வீட்டுப் பங்கு மனை மதிப்பின் காலாகக் குறைந்துவிடும்.

சிவில்பக்கம்
சொல்வார்கள், அது பொருளற்ற வாதமும் இல்லை. பொதுச் சொத்தில் ஒரு பங்குதாரர் தன் பணத்தில் கட்டினால் அதனாலேயே மற்றவர்களின் பங்கு மறைவதில்லை. ஆனால் பாகம் பிரிக்கும்போது நீதிமன்றம் அந்தச் செலவைக் கணக்கில் எடுத்து ஈடுகட்டலாம், அல்லது அவர் கட்டிய பகுதி அவர் தரப்பின் பங்கில் விழும்படி ஒதுக்கலாம். உங்கள் அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா, சம்மதித்தாரா, பணம் போட்டாரா என்பதெல்லாம் வரும். கட்டட அனுமதி எந்தத் தேதி, யார் பெயரில்?

குடமுருட்டி
2006 என்று நினைவு. அப்பா அப்போது இருந்தார். அனுமதிக் கடிதம் பெரியப்பா பீரோவில் இருக்க வேண்டும், சாவி அத்தையிடம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறேன்.

பதிவறை
போகும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். பீரோவை அத்தை, சித்தப்பா இருவரும் இருக்கும்போதே திறந்து, உள்ளே இருக்கும் காகிதங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். உயில் இல்லை என்று நீங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதையும் அங்கேதான் தேட வேண்டும். கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெயரில் உயில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று இறப்புச் சான்றோடு விண்ணப்பித்துத் தேடிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.